மூன்று வாரமா, நான்கு வாரமா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பென்னிங்டன் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெட்ரோல் விநியோகஸ்தர் ஒருவர் பன்னிரண்டு வாரங்களில் விற்ற அளவைக் காட்டும் சின்ன அட்டவணை, வணிகப் புள்ளியியல் படித்த பலருக்கும் பழக்கமானது. ஆண்டர்சன், ஸ்வீனி, வில்லியம்ஸ் மூவரும் எழுதிய பாடநூலில் முன்கணிப்பு பற்றிய பகுதி இந்தப் பன்னிரண்டு எண்களை வைத்துத்தான் நகர்கிறது. ஆயிரம் கேலன் கணக்கில் அவை: 17, 21, 19, 23, 18, 16, 20, 18, 22, 20, 15, 22.

ஏறுமுகமும் இல்லை, இறங்குமுகமும் இல்லை. ஒரு மட்டத்தைச் சுற்றி மேலும் கீழும் ஆடும் விற்பனை. இப்படிப்பட்ட தொடருக்கு நகரும் சராசரி பொருத்தமான கருவி. கடைசி மூன்று வார விற்பனையைக் கூட்டி மூன்றால் வகுத்தால் அடுத்த வாரத்துக்கான முன்கணிப்பு கிடைக்கும். ஒரு வாரம் கழிந்ததும் பழைய எண் ஒன்று வெளியேறும், புதிய எண் ஒன்று உள்ளே வரும். ஒரு நேரத்தில் எத்தனை வாரங்களைப் பார்க்கிறோமோ அதுதான் சாளரத்தின் நீளம். பாடநூலில் அந்த நீளம் மூன்று. 13ஆவது வாரத்துக்கான விடை 20, 15, 22 ஆகியவற்றின் சராசரி, அதாவது 19.

பாடநூலில் பிழை இல்லை. அதன் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு, கடைசி வரியை மட்டும் மாற்றி, பிழையுள்ள அட்டவணை ஒன்றை இங்கே நானே அமைக்கிறேன். அலுவலக அறிக்கைகளிலும் மாணவர்களின் செய்முறை ஏடுகளிலும் தென்படும் தவறின் வடிவம் இதுதான்.

மூன்று வார நகரும் சராசரி முறையில் விற்பனை முன்கணிப்பு

| வாரம் | விற்பனை (ஆயிரம் கேலன்) | முன்கணிப்பு |
|---|---|---|
| 1 | 17 | – |
| 2 | 21 | – |
| 3 | 19 | – |
| 4 | 23 | 19 |
| 5 | 18 | 21 |
| 6 | 16 | 20 |
| 7 | 20 | 19 |
| 8 | 18 | 18 |
| 9 | 22 | 18 |
| 10 | 20 | 20 |
| 11 | 15 | 20 |
| 12 | 22 | 19 |
| 13 | – | 19.75 |

மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு இதில் எதுவும் உறுத்தாது. விற்பனை 15க்கும் 23க்கும் இடையில் இருக்கிறது, 19.75 அதற்குள் அடங்கிவிடுகிறது. முந்தைய முன்கணிப்புகளுக்கும் அது பக்கத்தில்தான் இருக்கிறது. சராசரி எடுக்கும்போது செய்யும் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் தப்பிவிடும். எந்த நீளத்தில் எடுத்தாலும் சராசரி நடுவாந்தர எண்ணாகவே வரும், ஆகவே தவறான சராசரியும் நம்பும்படியாகவே இருக்கும். எண் நியாயமாகத் தெரிகிறதா என்று கேட்டுப் பயனில்லை. தலைப்பில் சொன்ன முறையில் இந்த எண் வர முடியுமா என்று கேட்க வேண்டும்.

அதற்கு வகுத்துப் பார்ப்பதைவிடப் பெருக்கிப் பார்ப்பது எளிது. மூன்று வாரச் சராசரி 19.75 என்றால் அந்த மூன்று வாரங்களின் கூட்டுத்தொகை 59.25 ஆக இருந்திருக்க வேண்டும். அட்டவணையில் இருப்பவை எல்லாம் முழு எண்கள். எந்த மூன்று முழு எண்களைக் கூட்டினாலும் கால் பங்கு வராது. கடைசி மூன்று வாரங்கள் எவை என்று தேடுவதற்கு முன்பே, 19.75 என்ற எண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே, இது மூன்றால் வகுத்து வந்ததல்ல என்று சொல்லிவிடலாம்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் வருபவை, எதனால் வகுத்தோம் என்பதற்குக் கைரேகை மாதிரி. மூன்று முழு எண்களின் சராசரி முழு எண்ணாக முடியும், இல்லையென்றால் .33 அல்லது .67 என்று முடியும். நான்கின் சராசரிக்கு .25, .50, .75. ஐந்தின் சராசரிக்கு .2, .4, .6, .8. ஆக, .75ஐப் பார்த்ததும் நான்கு என்ற சந்தேகம் எழுகிறது. எட்டு, பன்னிரண்டு போன்ற நான்கின் மடங்குகளாலும் அது வரக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கைரேகைக்கு ஓர் எல்லை உண்டு. மூல எண்கள் முழு எண்களாக இருந்தால்தான் அது செல்லும். விநியோகஸ்தர் 15 ஆயிரம் என்று எழுதியது உண்மையில் 15,230 கேலனாக இருந்து, சராசரியை முழு விவரத்திலிருந்து கணக்கிட்டிருந்தால், .75 எந்த நீளத்திலும் தற்செயலாக வந்துவிடலாம். அதனால் தசமத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லுமுன் விற்பனைப் பத்தியின் எண்கள் எங்கேயாவது முழுமையாக்கப்பட்டவையா என்று கேட்டுக்கொள்வது அவசியம். இங்கே முன்கணிப்புப் பத்தியில் 4 முதல் 12 வரையுள்ள வாரங்களின் ஒன்பது எண்களும் அச்சிட்ட விற்பனையிலிருந்தே மிச்சமில்லாமல் வருகின்றன. ஆகவே மறைந்திருக்கும் விவரம் எதுவும் கணக்கில் புகவில்லை.

அடுத்தபடியாக, 12ஆவது வாரத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போய் எல்லா நீளங்களையும் முயன்று பார்க்கலாம். இரண்டு வாரம் எடுத்தால் 18.5. மூன்று எடுத்தால் 19. நான்கு வாரங்களான 22, 20, 15, 22 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 79, சராசரி 19.75. ஐந்துக்கு 19.4, ஆறுக்கு 19.5. பன்னிரண்டு வரை போனாலும் 19.75 வேறெங்கும் வருவதில்லை. அறிவித்த நீளம் மூன்று, முன்கணிப்பு பிறந்த நீளம் நான்கு.

இந்தத் தேடலில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. ஏழு வாரம் எடுத்தால் கூட்டுத்தொகை 133, சராசரி மிகச் சரியாக 19. அதாவது கடைசி வரியில் 19 என்று இருந்திருந்தாலும், அது மூன்று வாரச் சராசரிதான் என்பதற்கு அந்த ஓர் எண் போதிய சான்றாகாது. ஏழு வாரச் சாளரம் போட்டவரும் அதே விடையைத்தான் எழுதியிருப்பார். எண் பொருந்தாவிட்டால் முறை தவறு என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. எண் பொருந்திவிட்டால், முறை சரி என்று அதே உறுதியோடு சொல்ல முடிவதில்லை. முழுமையாக்கிய விடை நிலைமையை இன்னும் மங்கலாக்கும். கடைசி வரியில் 19.75க்குப் பதிலாக 20 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் நான்கு வாரமும் ஆறு வாரமும் சமமாகப் பொருந்தியிருக்கும்.

எனவே கடைசி எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் பத்தி முழுவதையும் சோதிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு சராசரியையும் புதிதாகக் கணக்கிடத் தேவையில்லை. சாளரம் ஒரு வாரம் நகரும்போது நடுவில் உள்ள எண்கள் மாறுவதில்லை, உள்ளே வருவதும் வெளியே போவதும் மட்டுமே மாறுகின்றன. ஆகவே அடுத்தடுத்த இரண்டு முன்கணிப்புகளின் வேறுபாட்டைச் சாளர நீளத்தால் பெருக்கினால், உள்ளே வந்த விற்பனையிலிருந்து வெளியே போன விற்பனையைக் கழித்த விடை கிடைத்தாக வேண்டும்.

முயன்று பார்ப்போம். 4ஆவது வாரத்துக்கான முன்கணிப்பு 19, 5ஆவதுக்கு 21. வேறுபாடு 2, மூன்றால் பெருக்கினால் 6. உள்ளே வந்தது 4ஆவது வாரத்தின் 23, வெளியேறியது முதல் வாரத்தின் 17. வித்தியாசம் 6, பொருந்துகிறது. 11ஆவதிலிருந்து 12ஆவதுக்கு வரும்போது முன்கணிப்பு 20லிருந்து 19க்கு இறங்குகிறது. மூன்றால் பெருக்கினால் மைனஸ் 3. உள்ளே வந்தது 15, வெளியேறியது 8ஆவது வாரத்தின் 18. அதுவும் பொருந்துகிறது. பத்தி நெடுக இப்படியே சரியாக வரும்.

கடைசிப் படியில்தான் தடுக்கிறது. 19லிருந்து 19.75க்கு ஏற்றம் 0.75, மூன்றால் பெருக்கினால் 2.25. உள்ளே வந்த 22க்கும் வெளியேறிய 9ஆவது வாரத்தின் 22க்கும் வித்தியாசமே இல்லை, பூஜ்யம்தான் வந்திருக்க வேண்டும். ஒருவேளை நான்கு வாரச் சாளரமோ என்று பார்த்தால், 0.75ஐ நான்கால் பெருக்க 3 வருகிறது. நான்கு வாரச் சாளரத்தில் வெளியேறுவது 8ஆவது வாரத்தின் 18, எனவே வித்தியாசம் 4 ஆக இருக்க வேண்டும். அதுவும் ஒட்டவில்லை. கடைசி இரண்டு எண்களும் ஒரே சாளரத்தில் பிறந்தவை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

நோய் எங்கே என்பதையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கிறது. தலைப்பை எழுதியவர் தவறி நான்குக்குப் பதில் மூன்று என்று எழுதியிருந்தால் பத்தி முழுவதும் நான்கு வாரக் கணக்காக இருந்திருக்கும்: 5ஆவது வாரத்துக்கு 20, 6ஆவதுக்கு 20.25, 12ஆவதுக்கு 18.75, 13ஆவதுக்கு 19.75. அப்போது கடைசிப் படியில் ஏற்றம் 1, நான்கால் பெருக்கினால் 4, சரியாகப் பொருந்தும். அந்த அட்டவணையில் திருத்த வேண்டியது தலைப்பை. நம் அட்டவணையில் தலைப்பும் பத்தியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன, கடைசி வரி மட்டுமே தனியாக விலகி நிற்கிறது. வெளியில் இரண்டும் ஒரே முரண்பாடாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் திருத்தம் வேறு வேறு.

பத்தியின் தலையில் எத்தனை கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று எண்ணிச் சாளர நீளத்தைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. விரைவான வழிதான், ஆனால் எண்ணுவதற்கு முன்னால் சராசரியை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் மூன்று வாரங்களின் சராசரியான 19ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் வணிகக் கணிதம் படித்தவர் அதை 2ஆவது வாரத்துக்கு நேராக எழுதுவார். போக்கைக் காண்பதற்காக அங்கே சராசரியைச் சாளரத்தின் நடுவில் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எக்செலின் தரவுப் பகுப்பாய்வுக் கருவியில் நகரும் சராசரியைத் தேர்ந்து `Interval` என்ற இடத்தில் 3 என்று கொடுத்தால் அது 3ஆவது வாரத்துக்கு நேராக வந்து உட்காரும், மேலே இரண்டு கட்டங்களில் `#N/A` இருக்கும். முன்கணிப்பு அட்டவணையில் அதே 19, 4ஆவது வாரத்துக்கு நேராக நிற்கும். மூன்று இடங்களும் தம்மளவில் சரியானவை, ஒவ்வொன்றுக்கும் நோக்கம் வேறு.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். மேலே மூன்று கட்டங்கள் காலியாக இருக்கும் பத்தி, மூன்று வார முன்கணிப்பாகவும் இருக்கலாம், எக்செல் கருவி போட்டுத்தந்த நான்கு வாரச் சராசரியாகவும் இருக்கலாம். காலிக் கட்டங்களை மட்டும் பார்த்து ஒருவர் மூன்று என்று தலைப்பு எழுதிவிட்டால் முரண்பாடு பிறந்துவிடும். பிரித்தறிவதற்கு முதல் எண் ஒன்றே போதும். 4ஆவது வாரத்துக்கு நேராக 19 இருந்தால் அது 17, 21, 19 ஆகியவற்றின் சராசரி, அந்த வாரத்தின் சொந்த விற்பனையான 23 அதில் கலக்கவில்லை. 20 இருந்தால் 23உம் அதில் சேர்ந்திருக்கிறது. நடந்து முடிந்த வாரத்தின் விற்பனையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் எண்ணை அந்த வாரத்துக்கான முன்கணிப்பு என்று அழைக்க முடியாது.

இது வெறும் எழுதும் முறை சார்ந்த விஷயமில்லை. முன்கணிப்பு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை அளக்க, ஒவ்வொரு வாரமும் நேர்ந்த பிழையை வர்க்கப்படுத்திச் சராசரி எடுப்பது வழக்கம். நம் மூன்று வார முன்கணிப்புக்கு 4 முதல் 12 வரையுள்ள ஒன்பது வாரங்களின் பிழை வர்க்கங்கள் மொத்தம் 92, சராசரி 10.22. அதே மூன்று வாரச் சராசரியை ஒரு வரிசை மேலே தூக்கி வைத்து, அந்தந்த வாரத்தின் விற்பனையோடு ஒப்பிட்டால் பத்து வாரங்களுக்கு மொத்தம் 50, சராசரி 5. பிழை பாதிக்கும் கீழே இறங்கியதுபோல் தோன்றுகிறது. முறையில் எந்த முன்னேற்றமும் இல்லை. விடையைப் பார்த்துவிட்டு எழுதிய தேர்வின் மதிப்பெண் அது. எந்த அட்டவணையிலாவது பிழை அளவு எதிர்பாராமல் நன்றாக இருந்தால், முதலில் பத்தி ஒரு வரிசை நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

பிழை அளவைக் கொண்டே நீளத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இன்னொரு கண்ணியும் காத்திருக்கிறது. நான்கு வாரச் சாளரத்துக்கு முன்கணிப்பு 5ஆவது வாரத்தில்தான் தொடங்குகிறது. 5 முதல் 12 வரையுள்ள எட்டு வாரங்களுக்கு அதன் பிழை வர்க்கச் சராசரி 9.65. மூன்று வாரத்தின் 10.22ஐவிட இது குறைவு, எனவே நான்குதான் நல்லது என்று தோன்றும். ஆனால் மூன்று வாரக் கணக்கில் 4ஆவது வாரம் கூடுதலாக இருக்கிறது, அந்த ஒரு வாரத்தின் பிழை மட்டும் 4, அதன் வர்க்கம் 16. அதை நீக்கிவிட்டு அதே எட்டு வாரங்களில் ஒப்பிட்டால் மூன்று வாரச் சாளரத்தின் பிழை 76ஐ எட்டால் வகுத்த 9.5தான். தீர்ப்பு தலைகீழாகிவிடுகிறது. வேறுபாடு சிறியதுதான், எட்டு வாரங்களை வைத்துக்கொண்டு மூன்றே மேல் என்று அடித்துச் சொல்லவும் நான் துணிய மாட்டேன். ஆனால் 9.65 என்ற எண்ணை நம்பி யாரோ சாளரத்தைப் பாதியில் நான்காக மாற்றி, தலைப்பை மாற்ற மறந்திருக்கலாம். அறிக்கையின் வேறொரு மூலையில் 10.22 என்றோ 9.65 என்றோ பிழை அளவு அச்சாகியிருந்தால், நீளம் என்னவென்பதற்கு அது இன்னொரு சாட்சி.

கடைசி வரி மட்டும் விலகிய நம் அட்டவணையில் என்ன நடந்திருக்கும்? கோப்பு கையில் இருந்தால் கடைசிக் கட்டத்தைச் சொடுக்கி சூத்திரத்தைப் பார்த்துவிடலாம். முதல் வாரத்தின் விற்பனை `B2`இல் தொடங்கினால் 12ஆவது வாரம் `B13`இல் முடியும். இருக்க வேண்டியதும் இருப்பதும் இவை:

```
=AVERAGE(B11:B13)
=AVERAGE(B10:B13)
```

இரண்டாவது எப்படி வந்தது என்பதற்கு மிக இயல்பான ஒரு வழி இருக்கிறது. 11ஆவது வாரத்தின் கணக்கு தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். 9, 10, 12 என்று மூன்று வாரங்கள் 10, 11, 12ஆம் வரிசைகளில் அடுத்தடுத்து நிற்கின்றன. அடியில் தனியாக ஒரு கட்டத்தில் `=AVERAGE(B10:B12)` என்று சூத்திரம் எழுதியாகிவிட்டது. பிறகு விடுபட்ட வாரத்தின் கணக்கு வந்து, 10ஆவது வாரத்துக்கும் 12ஆவது வாரத்துக்கும் நடுவில் ஒரு வரிசையைச் செருகுகிறார்கள். சூத்திரம் குறிக்கும் எல்லைக்குள் வரிசை செருகினால் எக்செல் அந்த எல்லையைத் தானாகவே நீட்டிவிடும். `B10:B12` இப்போது `B10:B13` ஆகிவிட்டது, 22, 20, 15, 22 நான்கும் உள்ளே வந்துவிட்டன, விடை 19.75. முன்கணிப்புப் பத்தியை மேலிருந்து மறுபடி இழுத்து நிரப்பினால் அது சரியாகிவிடும். அடியில் தனியே இருக்கும் கட்டத்தை யாரும் இழுத்து நிரப்புவதில்லை. பத்தி மூன்று வாரமாகவும் கடைசி வரி நான்கு வாரமாகவும் நிற்பது இப்படித்தான்.

சாளரம் சுருங்கும் வழியும் உண்டு. `AVERAGE` வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 11ஆவது வாரத்தின் விற்பனைக் கட்டம் காலியாக இருந்தால் `=AVERAGE(B11:B13)` மூன்றால் வகுக்காது. 20ஐயும் 22ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 21 என்று தரும். காலி இடத்தில் ஒருவர் 0 என்று இட்டிருந்தால் அதையும் ஒரு வார விற்பனையாக எண்ணி 14 என்று தரும். சூத்திரத்தைப் பார்த்தால் மூன்று கட்டங்கள்தான் இருக்கும், கண்ணுக்குக் குறை தெரியாது. பக்கத்துக் கட்டத்தில் `=COUNT(B11:B13)` என்று எழுதினால் உண்மையில் எத்தனை எண்கள் சராசரிக்குள் போயின என்று தெரிந்துவிடும். அங்கே 3 வராவிட்டால் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எக்செல் எச்சரிக்காதா என்று கேட்கலாம். பக்கத்தில் உள்ள எண்களைச் சூத்திரம் விட்டுவிட்டது என்று கட்டத்தின் மூலையில் பச்சை முக்கோணம் காட்டி அது எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் நகரும் சராசரி என்பதே பக்கத்து எண்களை வேண்டுமென்றே விடும் கணக்கு. அதனால் சரியான கட்டங்களிலும் அதே பச்சை முக்கோணம் தோன்றுகிறது, பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடுகிறது. இந்த வேலையில் அந்த எச்சரிக்கையை நம்பியிருக்க முடியாது.

சராசரியின் எல்லை பிசகியதில் உலகறிந்த ஒரு நிகழ்வு உண்டு. பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் அரசுக் கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், தம் ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோருடன் சேர்ந்து 2013இல் அதன் எக்செல் கோப்பைச் சோதித்தார். 30 முதல் 49 வரையுள்ள வரிசைகளுக்குப் போக வேண்டிய சராசரிச் சூத்திரம் `L30:L44` என்று நின்றிருந்தது. கடைசி ஐந்து வரிசைகளில் இருந்த ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய நாடுகள் கணக்குக்கு வெளியே போய்விட்டன. மிகுந்த கடன் கொண்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று கட்டுரை சொன்னது, மறுகணக்கில் அது 2.2 சதவீதமாக வந்தது. அந்த இடைவெளியின் பெரும்பகுதிக்குக் காரணம் சில தரவுகளை விட்டதும் நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும்தான், விடுபட்ட ஐந்து வரிசைகளின் பங்கு சிறியது. இருந்தாலும் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது மூலக் கோப்பு கிடைத்ததால்தான். அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து அதைப் பிடித்திருக்க முடியாது. நகரும் சராசரி அட்டவணையில் மூல எண்களும் அருகிலேயே அச்சாகியிருப்பது பெரிய வசதி, கோப்பு இல்லாமலேயே நம்மால் இவ்வளவு தூரம் வர முடிந்ததும் அதனால்தான்.

பிழை எதுவென்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 19ஐ வைத்துக்கொள்வதா, 19.75ஐயா? எது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும் என்று 13ஆவது வாரம் முடியும்வரை யாருக்கும் தெரியாது, எனவே பிடித்த எண்ணைத் தேர்ந்துகொள்ளும் ஆசையைத் தள்ளிவைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 0.75, அதாவது 750 கேலன், எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் முடிவெடுக்க எளிதாகும். 19ஐச் சராசரியாகக் கொண்ட மூன்று எண்களோடு நான்காவதாக 9ஆவது வாரத்தின் 22 சேர்கிறது. அது சராசரியைவிட 3 அதிகம், அந்த மூன்றை நான்காகப் பிரித்தால் 0.75. முரண்பாடு முழுவதும் அந்த ஒரே வாரத்தின் வேலை. சந்தை ஏறியதன் அறிகுறி எதுவும் அதில் இல்லை. 13ஆவது வாரத்தைக் கணிக்க 9ஆவது வார விற்பனையையும் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் நான்கு வாரச் சாளரம் சரி. அப்படி முடிவு செய்யாதபோது, தலைப்பும் பத்தியும் மூன்று என்று சொல்கையில், கடைசி வரியும் மூன்றாகவே இருக்க வேண்டும்.

விற்பனை ஏறிக்கொண்டே போகும் பொருளாக இருந்தால் இந்தத் தேர்வு இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. 10, 11, 12 ஆகிய வாரங்களின் நடுப்புள்ளி 11ஆவது வாரம். 13ஆவது வாரத்தைச் சொல்ல வந்த சராசரி இரண்டு வாரம் பழைய நிலையைத்தான் சொல்கிறது. நான்கு வாரம் எடுத்தால் இரண்டரை வாரம் பழையது. வாரத்துக்கு ஆயிரம் கேலன் வீதம் ஏறும் விற்பனையில் மூன்று வாரச் சாளரம் இரண்டாயிரம் கேலன் குறைத்துச் சொல்லும், நான்கு வாரச் சாளரம் இரண்டாயிரத்து ஐந்நூறு குறைத்துச் சொல்லும். தலைப்பைப் பார்த்து, பின்தங்கல் இவ்வளவுதான் என்று எண்ணி இருப்பு வைக்கிறவருக்குத் தெரியாமலே இன்னும் ஐந்நூறு கேலன் குறைந்துபோகும். பென்னிங்டன் எண்களில் அப்படிப்பட்ட ஏறுமுகம் இல்லாததால் அந்த ஆபத்து இங்கே எழவில்லை.

திருத்திய அட்டவணையில் 13ஆவது வாரத்தின் கட்டத்தில் 19 என்று மட்டும் எழுதுவது போதாது, ஏழு வாரச் சாளரமும் அதே விடையைத்தான் தருகிறது என்று பார்த்தோமே. எண்ணுக்குப் பக்கத்தில் அது பிறந்த வாரங்களையும் எழுதிவிடலாம்: 19, வாரங்கள் 10, 11, 12, கூட்டுத்தொகை 57. அடுத்த வாரம் கணக்கைப் புதுப்பிக்கிறவர் 10ஐ நீக்கி 13ஐச் சேர்ப்பார். கூட்டுத்தொகையும் கண்முன் இருப்பதால் வேறொருவர் அதை மூன்றால் வகுத்துச் சரிபார்த்துக்கொள்ள அரை நிமிடம் போதும்.